கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கணவன் மனைவி நெருக்கம்: முதலில் இரவைப் பங்கு போடுங்கள்

மூன்றாம் மாதம் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பினேன். வந்த முதல் வாரத்தில் நானும் அவரும் பேசியதெல்லாம் பால், டயப்பர், தடுப்பூசி மட்டும்தான். ராத்திரி மூன்று மணிக்கு, "லைட்டை அணைங்களேன்" என்று நான் சொன்னதே சண்டையாக முடிந்தது. அன்பு போய்விட்டதோ என்று பயந்துபோனேன். இரண்டு பேருக்கும் தொடர்ந்து இரண்டு மணி நேரத் தூக்கம்கூட இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அதனால் இந்தச் செய்முறை தூக்கத்தில் தொடங்குகிறது.

படி 1: ஆளுக்கு நான்கு மணி நேரம்

இரவு முழுக்க விட்டு விட்டுத் தூங்குவதைவிட, யாரும் எழுப்பாமல் நான்கு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குவது எங்கள் உடம்புக்கு ஒத்துவந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் பக்கத்து அறையில் படுத்துவிடுவேன். ஒன்றரை வரை குழந்தை அவர் பொறுப்பு. பிறகு நான் எழுந்துகொள்ள, அவர் ஆறு மணி வரை தூங்குவார்.

இடையில் வரும் ஒரு வேளைப் பாலைக் காலையிலேயே எடுத்து வைத்துவிடுவேன். பால் நன்றாக ஊறுவது அந்த நேரத்தில்தான். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது. பால் இருக்கும் டப்பாவைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். அவர் பாலாடையில்தான் ஊட்டினார். முதல் இரண்டு நாள் பாதி குழந்தையின் கழுத்தில் வழிந்தது, மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. குழந்தை குடித்து மீந்ததை எடுத்து வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

குழந்தை பிறந்து ஒரு மாதமாவது ஆகி, பால் சுரப்பு நிலைப்பட்ட பிறகு இதைத் தொடங்குவது நல்லது. ஒரு வேளை தள்ளிப்போவதால் ஆரம்பத்தில் மார்பு கட்டிக்கொள்ளும். கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் படுங்கள். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தூங்க வேண்டியவர் தூங்காமல், குழந்தையின் சிணுங்கலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே படுத்திருப்பார். அறை மாறிப் படுக்கச் சொல்வது அதனால்தான். ஒற்றை அறை வீடு என்றால் ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, குழந்தையிடமிருந்து தள்ளி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுங்கள்.

படி 2: மொட்டை மாடியில் 15 நிமிடம்

தூக்கம் கொஞ்சம் தேறியதும், ஒரு வாரத்தில் இதைத் தொடங்கினோம். இரவில் வேண்டாம்; இரவில் மிஞ்சும் நேரமெல்லாம் தூக்கத்துக்கே. சாயங்காலம் ஆறரைக்கு அத்தை பேத்தியை மடியில் வாங்கிக்கொள்வார். "துணி எடுத்துட்டு வர்றோம் அத்தை" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் மேலே போவோம். போன் கீழேயே இருக்கும்.

முதல் நாள் கொடியிலிருந்து இரண்டாவது துணியை எடுப்பதற்குள், "அடுத்த ஊசி எப்போ?" என்றார் அவர். அந்தப் பேச்சிலேயே 15 நிமிடமும் போய்விட்டது. மறுநாள் ஒரு நோட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். ஊசி, மருந்து, செலவு எல்லாம் அதில் எழுதிக் காலைக் காபியோடு பேசுவது, மாடியில் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். பேச விஷயமே இல்லாத நாட்களும் உண்டு. ஒருநாள் ஒன்றும் பேசாமல், ஈரம் காயாத தூளித் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினோம். மடிக்க மடிக்கக் கிட்டே வந்தோம். கடைசி மடிப்பில் அவர் என் கையை விடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படித் தொட்டது அன்றுதான்.

படி 3: உடம்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்கள்

நாள் முழுக்கக் குழந்தை மேலேயே கிடப்பதால், சாயங்காலத்துக்குள் யார் தொட்டாலும் விலகத் தோன்றும். இது பல தாய்மாருக்கும் உள்ளது. சொல்லாமல் விலகினால் அவர் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். "இப்ப தோள்ல சாஞ்சுக்கறேன், அவ்ளோதான்" என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். எதுவரை என்று தெரிந்துவிட்டதால் அவருக்கும் தயக்கம் விட்டது.

உடலுறவுக்குப் பொதுவாக ஆறு வாரம் கழித்து, பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சரி சொல்வார். ஆறாவது வாரமே மனசும் தயாராக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு வலிக்கலாம். ஆசை இல்லாததால் வரும் வலி இல்லை இது. மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த ஜெல் உதவும். அப்படியும் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கலாம் என்பதால், கருத்தடை பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் மறுபடி உடலால் சேரக் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஆனது. அதுவரை அந்த மாடியும் காய்ந்த துணியும்தான்.