வாடகைக்கு இருப்பவர் "இன்னொருவரை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால்: ஒன்டாரியோ வீட்டுக்காரர் எழுத வேண்டிய பதில்

ஒன்டாரியோவுக்கு வந்து வீடு வாங்கும் நம்மவர்களில் பலர், கடன் தவணைக்கு உதவும் என்று பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறார்கள். கொஞ்ச நாளில் வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும்: "அண்ணா, ஏப்ரல்ல ஊருக்குப் போறேன். நாலு மாசம் என் ஃப்ரெண்ட் வீட்டுல இருந்துக்கட்டுமா?" சிலர் உடனே "சரி தம்பி, பாத்துக்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் "அதெல்லாம் சரிவராது" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் சிக்கலாகலாம். முதல் பதிலில் யார், எத்தனை நாள், எவ்வளவு வாடகை என்று எதுவுமே இல்லை. இரண்டாவது பதில் சட்டப்படி செல்லாமல் போகலாம்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்களோடு, அல்லது அதே வீட்டில் வசிக்கும் உங்கள் துணை, பிள்ளை, பெற்றோருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. அங்கே நீங்கள் இருவரும் பேசி எழுதியதுதான் கணக்கு. தனிச் சமையலறை, தனிக் குளியலறை உள்ள பேஸ்மென்ட் என்றால் சட்டம் முழுதாகப் பொருந்தும். இனி சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட வீட்டுக்கு. மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

அடுத்து, அவர் என்ன கேட்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். கேட்பவரும் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சொல்வார். அதனால் "நீங்கள் வீட்டிலேயே இருப்பீர்களா? போனால் திரும்பி வருவீர்களா? எந்தத் தேதிக்கு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் இருந்துகொண்டே இன்னொருவரைச் சேர்த்தால் அது ரூம்மேட். அவர் வெளியேறி, லீஸ் முடிவதற்குள் ஒரு குறிப்பிட்ட தேதியில் திரும்பி வருவதாக இருந்தால் அது சப்லெட். திரும்பி வரவே மாட்டார், வேறொருவர் அவர் இடத்துக்கு வருகிறார் என்றால் லீஸையே கைமாற்றுகிறார். இந்த மூன்றாவதில் ஒரு கெடு இருக்கிறது. கைமாற்ற அனுமதி கேட்டவருக்கு நீங்கள் ஒரேயடியாக மறுத்தாலோ, ஏழு நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, லீஸ் முடியும் வரை காத்திருக்காமல் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் போய்விடலாம். சப்லெட்டுக்கு அந்தக் கெடு கிடையாது. ஆனாலும் எதைக் கேட்டாலும் ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ரூம்மேட் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். இதற்கு உங்கள் அனுமதியே தேவையில்லை. ஒன்டாரியோவின் நிலையான லீஸ் படிவத்தின் பின்னிணைப்பைப் படித்துப் பாருங்கள். நகராட்சியின் குடியிருப்பு அளவு விதிகளை மீறாதவரை, ரூம்மேட் வைத்துக்கொள்வதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது என்று அதிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்தாலும், சூப்பர் விசாவில் அம்மா அப்பா வந்தாலும் இதே நிலைதான். ஆள் கூடியதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்ற முடியாது. தண்ணீரும் கரண்டும் வாடகைக்குள் அடக்கம் என்று எழுதியிருந்தால், பில் கூடினாலும் அது உங்கள் செலவு. இது வலிக்கும், தெரியும். அதனால்தான் புதிதாக லீஸ் எழுதும்போதே பில்லை யார் கட்டுவது என்று யோசித்து எழுதச் சொல்கிறேன். ஒன்று மட்டும் செய்யலாம். புதியவர் கார் வைத்திருந்து, லீஸில் இல்லாத ஒரு பார்க்கிங் இடத்தைக் கேட்டால், இருவரும் ஒத்துக்கொண்டு அதற்குத் தனியாக வாடகையைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே ரூம்மேட் கேட்பவருக்கான பதில் சின்னதாகவே இருக்கட்டும். வருபவரின் பெயர், அவசரத்துக்கு ஒரு ஃபோன் நம்பர் தரும்படி கேளுங்கள். வாடகையை இதுவரை போல அவரே உங்களுக்குத் தர வேண்டும், வருபவர் செய்யும் சேதத்துக்கும் இப்போதைய வாடகைக்காரரே பொறுப்பு என்று எழுதுங்கள். புதியவரிடமிருந்து நேரடியாக இ-ட்ரான்ஸ்ஃபர் வாங்கத் தொடங்காதீர்கள். மாதக்கணக்கில் வாங்கினால், அவரும் உங்கள் வாடகைக்காரர்தான் என்று வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள். லீஸில் அவர் பெயரைச் சேர்க்கச் சொன்னால் அவசரப்படாமல் யோசியுங்கள். சேர்த்தால் முழு வாடகைக்கும் இருவரிடமும் கேட்கலாம், அது நல்லது. ஆனால் பழையவர் போன பிறகும் புதியவர் அதே வாடகையில் தொடர்வார். அவருடைய கிரெடிட், வேலை எல்லாம் பார்த்து உங்களுக்குத் திருப்தி என்றால் மட்டும் சேருங்கள். இரண்டு அறையில் ஆறு பேர் என்று போனால் விஷயம் வேறு. டொராண்டோ என்றால் 311-ஐ அழைத்து எத்தனை பேர் இருக்கலாம் என்று கேளுங்கள். உண்மையிலேயே விதி மீறல் என்றால் அதற்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் N5 நோட்டீஸ் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வாடகைக்காரருக்கு ஏழு நாள் கிடைக்கும்.

சப்லெட்டுக்கு உங்கள் அனுமதி வேண்டும். ஆனால் நியாயமான காரணமில்லாமல் மறுக்கக் கூடாது. மறுத்தால் வாடகைக்காரர் A2 படிவத்தில், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குப் போகலாம். அந்த ஊருக்குப் போகும் தம்பியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். லீஸ் 2025 செப்டம்பர் 1 முதல் 2026 ஆகஸ்ட் 31 வரை, வாடகை 1,800 டாலர். ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை நண்பரை வைக்கக் கேட்கிறார். திரும்பி வரும் தேதி லீஸ் முடியும் தேதிக்கு முன்னால் இருப்பதால் இது சரியான சப்லெட். பதிலை இப்படி ஈமெயிலில் எழுதலாம்:

"தம்பி, உங்கள் செய்தி கிடைத்தது. சப்லெட் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நண்பர் யார் என்று பார்த்த பிறகு இறுதி சம்மதம் சொல்கிறேன். மார்ச் 10-க்குள் அவருடைய முழுப் பெயர், ஃபோன் நம்பர், வேலைக் கடிதம், கிரெடிட் ரிப்போர்ட், முன்பு இருந்த வீட்டுக்காரரின் தொடர்பு இவற்றை அவரையே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிடைத்த மூன்று நாளில் பதில் தருகிறேன். சப்லெட் 2026 ஏப்ரல் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடியும் என்று நீங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு ஒரு பிரதி தாருங்கள். மாத வாடகை 1,800-ஐ முதல் தேதியில் நீங்களே எனக்கு அனுப்புங்கள். நண்பரிடம் அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஒருவர் மட்டுமே தங்குவார் என்று சொன்னீர்கள், அதில் மாற்றம் வந்தால் முன்பே சொல்லுங்கள். லீஸில் உள்ளபடி இன்ஷூரன்ஸ் தொடர வேண்டும். நீங்கள் இல்லாத மாதங்களிலும் அது செல்லுமா என்று கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முன் மூவரும் சேர்ந்து வீட்டைப் படமெடுத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும்போது உங்களைத் தொடர்புகொள்ளும் நம்பரையும் தந்துவிட்டுப் போங்கள்."

இதில் வாடகை பற்றிய வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீங்கள் வாங்கும் வாடகைக்கு மேல் சப்லெட்டில் வாங்குவது சட்டப்படி தவறு. சப்லெட் நடக்கும்போதும் உங்களுக்குப் பொறுப்பு பழையவர்தான். நண்பர் பணம் தராவிட்டால் அது அவர்கள் இருவருக்குள்ள பிரச்சினை, வாடகை பாக்கியை நீங்கள் பழையவரிடமே கேட்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் வரியை, உங்கள் லீஸில் அந்த நிபந்தனை இருந்தால் மட்டும் எழுதுங்கள். லீஸில் இல்லாத ஒன்றைச் சம்மதத்தின் விலையாகப் புதிதாகக் கேட்பது நியாயமான நிபந்தனையாக நிற்பது கடினம்.

சம்மதத்துக்காகத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கிரெடிட் ரிப்போர்ட் எடுக்க நீங்கள் கையிலிருந்து கொடுத்த தொகை போன்ற உண்மையான, நியாயமான செலவை மட்டும் ரசீதுடன் கேட்கலாம். "டேமேஜ் டெபாசிட்" என்று ஒரு மாதப் பணம் கேட்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. ஒன்டாரியோவில் அதற்கு இடமே இல்லை. வாங்கக்கூடியது கடைசி மாத வாடகையும் சாவிக்கான டெபாசிட்டும்தான். சாவிப் பணமும் சாவியின் விலையைத் தாண்டக் கூடாது, திருப்பித் தர வேண்டும்.

மறுப்பதற்கும் இடம் உண்டு. வாடகை கட்ட வருமானம் இல்லை, முந்தைய வீட்டில் பாக்கி வைத்துவிட்டு வந்தவர், தந்த கடிதம் பொய் என்று தெரிந்தது, நான்கு பேரோடு வருகிறார் என்பது போன்ற காரணத்தைத் தேதியோடு எழுதி மறுக்கலாம். எந்த நாடு, எந்த மதம், எந்த ஊர்க்காரர் என்று பார்த்து மறுக்க முடியாது. இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள். "எந்த ஆட்கள்?" என்று சாதி விசாரித்து வீடு தருவதும் மறுப்பதும் இங்கே மனித உரிமைப் பிரச்சினை. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2023-இல் சாதிப் பாகுபாடு பற்றித் தன் நிலைப்பாட்டையே வெளியிட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை வாயில் கொண்டுவரவே வேண்டாம்.

சம்மதித்த பிறகு இரண்டு இடங்களில் நாட்களை எண்ண வேண்டும். ஜூலை 31 கடந்தும் நண்பர் கிளம்பவில்லை என்றால், சப்லெட் முடிந்த 60 நாளுக்குள் நீங்களோ பழையவரோ போர்டுக்கு A2 போடலாம். தம்பி உங்களிடம் கேட்காமலே வேறொருவரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தால், அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 60 நாள். "பாவம், இருக்கட்டும்" என்று அந்த 60 நாளைத் தாண்டிவிட்டால், இருப்பவரே உங்கள் வாடகைக்காரர் ஆகிவிடும் நிலை வரும். போர்டில் விசாரணை வர மாதங்கள் ஆகலாம். அதனால் பேசிப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பூட்டை மாற்றுவதோ கரண்டை நிறுத்துவதோ மட்டும் எந்த நிலையிலும் கூடாது; அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.