அகக்கவிதை எழுதத் தொடங்குவது எப்படி? நெய்தல் திணையில் ஒரு பயிற்சி

அகத்திணைப் பாடல் எழுதச் சொன்னால் பலரும் மலை, கடல் என்று நிலத்திலிருந்து தொடங்குகிறார்கள். பாதியில் சுற்றுலாக் கட்டுரை ஆகிவிடும். உணர்விலிருந்து தொடங்குங்கள்.

1. உரிப்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு திணைக்கும் உரிய உணர்வுதான் உரிப்பொருள். கூடல் என்றால் குறிஞ்சி, காத்திருத்தல் முல்லை, ஊடல் மருதம், ஏங்கி வருந்துதல் நெய்தல், பிரிவு பாலை. நாம் நெய்தலை எடுத்துக்கொள்வோம். உணர்வு முடிவானதும் கடற்கரையும் பொழுது சாயும் நேரமும் தாமாக வந்துவிடும்.

2. யார், யாரிடம் பேசுகிறார்?

அகப்பாட்டில் புலவர் நேரே பேசுவதில்லை, பாத்திரம்தான் பேசும். இங்கே தோழி தலைவனிடம் பேசட்டும். ஊரறியாமல் களவில் சந்தித்துப் போகிறவன் மணம் பேச வரவில்லை என்பது அவள் குறை. யாருக்கும் இயற்பெயர் வேண்டாம். அகத்தில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. ‘துறைவ’ என்றாலே கடற்கரைத் தலைவன் என்று புரியும்.

3. கருப்பொருளில் இரண்டு மூன்று போதும்

கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்கே உரிய மரம், பறவை போன்றவை. புன்னை, நாரை, மணல். உப்பு, சுறா, தாழை என்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வேறு நிலத்துப் பூவோ பறவையோ வருவதைத் தொல்காப்பியம் ஏற்கிறது. ஆனாலும் பயிற்சியில் அந்தச் சலுகையைத் தொடாதீர்கள். நெய்தலில் மயில் ஆடினால் திருத்துபவர் சிவப்பு மையை எடுப்பார்.

4. உள்ளுறையை வையுங்கள்

உயிர் இங்கேதான் இருக்கிறது. கருப்பொருள்களுக்கிடையே நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி, சொல்லாத கதையைச் சொல்ல வேண்டும்.

> இரைதேர் நாரை வயிறு நிறைந்து
> புன்னைக் கொம்பில் கண்மூடி இருக்க,
> அது மிதித்து உதிர்த்த பூவெல்லாம்
> மணலில் கிடந்து வாடும் துறைவ!
> பொழுது சாய்ந்தது, படகெல்லாம் கரையேறின.
> நெகிழும் வளையை மேலே தள்ளியபடி
> இன்னும் நிற்கிறாள் இவள்.

வயிறு நிறைந்த நாரை தலைவன். உதிர்ந்து வாடும் பூ தலைவி. தோழி அவனைத் திட்டவே இல்லை, நாரையைப் பற்றித்தான் பேசினாள். ‘நாரை போல நீ’ என்று எழுதியிருந்தால் அது வெளிப்படையான உவமை ஆகிவிடும், உள்ளுறை போய்விடும். சோதிக்க ஒரு வழி உண்டு: நாரை வரும் வரிகளை எடுத்துவிட்டுப் படியுங்கள். குற்றச்சாட்டும் காணாமல் போனால் உள்ளுறை வேலை செய்கிறது. வெறும் காட்சி மட்டும் குறைந்தால் அது அலங்காரம்தான், மாற்றி எழுதுங்கள்.

வளை நெகிழ்வதையும் கவனியுங்கள். ‘வருந்துகிறாள்’ என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. மெலிந்த கை அதைச் சொல்லிவிடுகிறது.

5. துறைக்குறிப்பு சேருங்கள்

பாட்டின் கீழே ஒரு வரி: ‘தோழி தலைவனை வரைவு கடாயது’. மணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்தினாள் என்று பொருள். இது இல்லாவிட்டால் பேசுபவர் தலைவியின் தாயா, தோழியா என்று படிப்பவர் தடுமாறுவார்.

மேலே உள்ளது புதுக்கவிதை நடை. நேரிசை ஆசிரியப்பாவில்தான் வேண்டும் என்று கேட்டால் அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தைய அடியான ஈற்றயலடிக்கு மட்டும் மூன்று, முடிவில் ஏகாரம். அந்த அளவுக்குள் இதே நாரையை உட்காரவைத்துப் பாருங்கள்.