சட்டை சிறியதாகிவிட்டதா, சிறியதாக வந்ததா?

இணையத்தில் சட்டை வாங்கி, அளவு மாறி வந்துவிட்டால் விற்பனையாளருக்கு நாம் எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம். போன வாரம் உங்கள் தளத்தில் சட்டை ஆர்டர் செய்திருக்கிறேன். தவறான அளவு வந்துவிட்டது. சட்டையைப் போட்டேன், மிகவும் சிறியதாகிவிட்டது. துணியைத் திருப்பி அனுப்புகிறேன். ஆர்டரை ரத்து செய்து உடனே மாற்றிவிடவும்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் ஊழியருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. அவர் முன்னால் நாளெல்லாம் இதுபோன்ற கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றுதான்: பிழை யாருடையது, சட்டை இப்போது என்ன நிலையில் இருக்கிறது, வாங்கியவருக்கு என்ன வேண்டும். மேலே உள்ள கடிதம் மூன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்களைத் தருகிறது.

முதல் வரியிலேயே சிக்கல். "ஆர்டர் செய்திருக்கிறேன்" என்றால் பொருள் இன்னும் கைக்கு வரவில்லை, காத்திருக்கிறேன் என்றும் படிக்கலாம். அவசரத்தில் இருப்பவர் இதைத் தாமதப் புகார் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஒன்றைக் கேட்டு வேறொன்று வந்தது என்று சொல்லும்போது தமிழ் இயல்பாகப் பயன்படுத்தும் இணை வேறு: "42 ஆர்டர் செய்திருந்தேன், 40 வந்திருக்கிறது." முன்னது முடிந்துபோன செயல், பின்னது இப்போது கையில் இருக்கும் நிலை. கால வேறுபாடே முரண்பாட்டைச் சொல்லிவிடுகிறது. கூடவே "போன வாரம்" என்பதற்குப் பதிலாகத் தேதியைப் போடுங்கள். கடிதம் நான்கு நாள் கழித்துப் படிக்கப்பட்டால் போன வாரம் வேறு வாரமாகிவிடும். திருப்பி அனுப்புவதற்கான கெடுவைப் பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கிடுவார்கள்.

மிகவும் கெடுதல் செய்வது "சிறியதாகிவிட்டது" என்ற சொல். "ஆகிவிட்டது" மாற்றத்தைக் குறிப்பது. முதலில் சரியாக இருந்தது, பிறகு சிறியதானது என்று பொருள். பருத்திச் சட்டை எப்போது சிறியதாகும்? துவைத்த பிறகு. ஆக, துவைத்துச் சுருங்கிய சட்டையைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று விற்பவர் நினைப்பதற்கு நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். துவைத்த துணியைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை. "சிறியதாக இருக்கிறது" என்று எழுதினால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்கு முந்தைய "போட்டேன்" என்பதும் அதே ரகம். போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவரும் "போட்டேன்" என்றுதான் சொல்வார். கண்ணாடி முன் நின்று இரண்டு நிமிடத்தில் கழற்றியவருக்குத் தமிழில் சரியான சொல் கையிலேயே இருக்கிறது: "போட்டுப் பார்த்தேன்." இந்தப் "பார்த்தேன்" சோதனையை மட்டும் சொல்கிறது, பயன்பாட்டைச் சொல்வதில்லை. தூய தமிழ் என்று "அணிந்தேன்" எழுதுவதால் லாபமில்லை. அதிலும் அதே குறை இருக்கிறது.

அடுத்தது "தவறான அளவு." யாருடைய தவறு? வாங்கியவரே 40 என்று தேர்ந்தெடுத்திருக்கலாம். விற்பவர் 42-க்குப் பதிலாக 40 அனுப்பியிருக்கலாம். லேபிளில் 42 என்று இருந்தும் தையலில் சிறுத்திருக்கலாம். மூன்றும் வெவ்வேறு வழக்குகள். முதலாவதில் கடையின் சொந்த விதிமுறைதான் பேசும். சில கடைகள் திருப்பும் கட்டணமும் கேட்கும். மற்ற இரண்டும் விற்பவரின் பொறுப்பு. மூன்றாவது என்றால் சட்டையை மேசையில் பரப்பி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, தளத்தில் உள்ள அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அந்த அட்டவணை உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 42 அளவுச் சட்டையின் சுற்றளவு 42 அங்குலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; மூச்சுவிட இடம் வேண்டுமே.

"அளவு குறைவாக வந்திருக்கிறது" என்று எழுதுவோரும் உண்டு. மூன்று சட்டை கேட்டு இரண்டு வந்தது என்றும் இதைப் படிக்கலாம். எண்ணைப் போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை.

"திருப்பி அனுப்புகிறேன்" என்பதில் நிகழ்காலம் ஏமாற்றுகிறது. பேச்சில் நாம் எதிர்காலத்துக்கும் இதையே பயன்படுத்துவோம். கடையில் படிப்பவரோ பார்சல் கிளம்பிவிட்டது என்று எண்ணிக் கிடங்கில் தேடச் சொல்வார். சட்டை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்றால் அதையே எழுதுங்கள்.

கடைசி வரியில் இரண்டு கோரிக்கைகள் மோதுகின்றன. ரத்து என்பது பொருள் வந்து சேர்வதற்கு முன் செய்வது. வந்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் கேட்க முடியும். "மாற்றிவிடவும்" என்றால் வேறு சட்டை வேண்டும், பணம் வேண்டாம் என்று பொருள். எது வேண்டும் என்பதோடு, அது முடியாவிட்டால் அடுத்து என்ன வேண்டும் என்பதையும் சொன்னால் இன்னொரு சுற்றுக் கடிதம் மிச்சம்.

விற்பவர் வேறு அளவை அனுப்பிவிட்ட ஒரு வழக்கை எடுத்துத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"பொருள்: கேட்ட அளவு 42, வந்த அளவு 40

வணக்கம். மே 4ஆம் தேதி உங்கள் தளத்தில் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை 42 அளவில் ஆர்டர் செய்திருந்தேன். ஆர்டர் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். மே 9ஆம் தேதி பார்சல் கிடைத்தது. உறையின் மேல் ஒட்டிய சீட்டில் 42 என்று இருக்கிறது. சட்டையின் காலரில் தைத்த லேபிளில் 40 என்று இருக்கிறது. இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மார்புப் பகுதி இறுக்கமாக இருக்கிறது. துவைக்கவில்லை. விலைச்சீட்டைப் பிரிக்கவில்லை.

இந்தச் சட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இதே சட்டையை 42 அளவில் அனுப்புங்கள். அந்த அளவு இருப்பில் இல்லையென்றால் நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தாருங்கள். சட்டை என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துச் செல்ல ஆள் வரும் தேதியைத் தெரிவியுங்கள்."

உறையில் ஒரு எண், காலரில் ஒரு எண் என்பது கிடங்கில் சீட்டு மாறி ஒட்டுவதால் வருவது. உறையை மட்டும் படமெடுத்து அனுப்பினால் கடை சொல்வதே சரி என்றாகிவிடும். காலர் லேபிள்தான் சாட்சி.

"ஏமாற்றிவிட்டீர்கள்", "மோசடி" போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மோசடி என்று எழுதினால் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லை மறுப்பதில் இறங்கும். 42-க்கு 40 வந்தது பின்னால் போய்விடும்.

பதிலே வராவிட்டால் சட்டத்தைச் சொல்லலாம். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஒப்புக்கொண்ட தன்மையில் இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பவர் தரப்பில் புகார்களைக் கவனிக்கும் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டாவது கடிதத்தில் இதை எழுதும்போதும் காலம் கவனம்: "புகார் அளிக்கிறேன்" அல்ல, "மே 10ஆம் தேதி புகார் அளித்தேன், இன்றுவரை பதில் வரவில்லை." அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் கேட்பது ஆர்டர் விவரத்தையும் நீங்கள் கடைக்கு எழுதியதையும்தான்.