இருபது பேர், ஒரு ப்ரொஜெக்டர்: "இது யாரு?" விளையாட்டை நடத்துறது எப்படி

ஆபீஸ் டீம் ஈவென்ட்ல ஐஸ்பிரேக்கர் நடத்துற வேலை என் தலைல விழுந்தப்போ முதல்ல நான் செஞ்சது எல்லாரும் செய்யுறதுதான், வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரா ரெண்டு உண்மை ஒரு பொய் சொல்லுங்கன்னேன். ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சாலே இருபது பேருக்கு நாப்பது நிமிஷம். ஏழாவது ஆள் பேசும்போது பாதிப்பேர் போன்ல இருந்தாங்க, மீதிப்பேர் தன் முறைக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தாங்க, பேசுறவர் சொல்றது யார் காதுலயும் விழல.

அடுத்த தடவ மாத்தி செஞ்சதுதான் இது. ஒவ்வொருத்தரும் தன்னப் பத்தி ஒரு விஷயத்த முன்னாடியே எழுதிக் குடுப்பாங்க, அது பேர் இல்லாம திரைல வரும், யாருன்னு டீமா கண்டுபிடிக்கணும்.

ஸ்டெப் 1: ஃபார்ம் (மூணு நாள் முன்னாடி)

கூகுள் ஃபார்ம்ஸ்ல ரெண்டே கேள்வி போதும், பேர், அப்புறம் விஷயம். "உங்களப் பத்தி சுவாரசியமான ஒண்ணு சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க. நான் அப்படித்தான் கேட்டேன், "பாட்டு கேக்கப் பிடிக்கும்"னு நாலு பேர் எழுதியிருந்தாங்க, அத வச்சு யாரக் கண்டுபிடிக்கிறது? ஒரு சம்பவத்தக் கேளுங்க: "பத்து வயசுக்குள்ள நீங்க செஞ்சு மாட்டிக்கிட்ட ஒரு சேட்டை." இதுக்கு எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்கன்னும் கேக்கலாம். உடம்பு, குடும்ப நிலவரம், சம்பளத் தொகை பக்கம் போகாதீங்க.

இனிமே சொல்றதுதான் என்ன ஒரு நாள் முழுக்க அலைய விட்ட விஷயம். லிங்க்க அனுப்பிட்டு சாயங்காலம் பாத்தா மூணே பதில். யாருக்கும் ஆர்வமில்ல போலன்னு நெனச்சு ரெண்டு தடவ ஞாபகப்படுத்தி கடுப்பேத்தினேன். விஷயம் என்னன்னா நான் ஆபீஸ் அக்கவுண்ட்ல ஃபார்ம் செஞ்சிருந்தேன், ஆபீஸ் அக்கவுண்ட்ல செஞ்சா சாதாரணமா அந்த நிறுவன ஆளுங்க மட்டும்தான் திறக்க முடியுற மாதிரி இருக்கும், ஆனா எல்லாரும் லிங்க்கத் தொட்டது சொந்த போன்ல, அதுல இருக்கிறது சொந்த ஜிமெயில். அனுமதி இல்லன்னு வந்ததும் மூடி வச்சிட்டாங்க, யாரும் என்கிட்ட சொல்லவும் இல்ல. பதில் நிரப்புறது யாருங்கிற இடத்துல `Anyone with the link`னு மாத்துங்க. `Settings`ல `Limit to 1 response` ஆன்ல இருந்தா அதுவும் லாகின் கேக்கும், அணைச்சிருங்க. குழந்தைப் போட்டோ அப்லோட் பண்ணச் சொல்லலாமேன்னு தோணும், ஃபைல் அப்லோட் கேள்வி வச்சாலே லாகின் கட்டாயம் ஆயிரும், அதனால நான் அத விட்டுட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோ விண்டோல லிங்க்கத் திறந்து பாருங்க, அங்க திறந்தா எல்லாருக்கும் திறக்கும்.

ஸ்டெப் 2: வரிகள கழுவுறது

வந்த பதில அப்படியே திரைல போட முடியாது. எனக்கு வந்த ஒண்ணு: "எங்க டெஸ்டிங் டீம்ல சொன்னா நம்ப மாட்டாங்க, ஸ்கூல் போட்டோ எடுக்கிற அன்னிக்கு தெரு நாயக் கூட்டிட்டுப் போய் எங்க வீட்டு நாய்னு பக்கத்துல நிக்க வச்சேன், அப்பாகிட்ட நல்லா வாங்கினேன், பையன்னா இப்படித்தான்னு பாட்டி சொன்னாங்க." டெஸ்டிங் டீம்ங்கிறதும் பையன்ங்கிறதும் காட்டிக் குடுத்துரும். வெட்டினதும் இப்படி ஆச்சு: "ஸ்கூல் போட்டோல தெரு நாயை எங்க வீட்டு நாய்னு சொல்லி நிக்க வச்சேன்." எல்லாத்தையும் "நான் செஞ்சேன்"னு தன்மைல எழுதிட்டா ஆணா பெண்ணான்னு தெரியாது, தமிழ்ல இது ஒரு வசதி.

ஸ்டெப் 3: டீம், போன்

இங்கதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இருபது பேரும் இருபது போன்ல பதில் அழுத்த வைக்காதீங்க. குனிஞ்ச தலை இருபது கிடைக்கும், அவ்வளவுதான். நாலு நாலு பேரா அஞ்சு டீம், டீமுக்கு ஒரே போன். நாலு தலை ஒரு போன் மேல கூடி "அவராத்தான் இருக்கும்", "சேச்சே, அவரு நாயப் பாத்தாலே ஓடுவாரு"ன்னு வாக்குவாதம் பண்ணுமே, விளையாட்டே அதுதான். க்விஸ் ஆப்களோட இலவச பிளான்ல ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அஞ்சு போன்னா அந்தப் பிரச்சினையும் குறையும். டீம் பிரிக்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண்ணச் சொல்லுங்க, ஒரே நம்பர் எல்லாம் ஒரு டீம், சேந்து உக்காந்த சிநேகிதங்க தானா பிரிஞ்சிருவாங்க.

கஹூட் மாதிரி ஆப்ல ஒரு வரிக்கு நாலு பேர் ஆப்ஷனா குடுங்க. பேர டைப் பண்ண விடாதீங்க, ஒரே ஆள மூணு விதமா எழுதுவாங்க, மெஷினுக்கு அது மூணு ஆள். வேகமா அழுத்தினா கூடுதல் புள்ளிங்கிற செட்டிங்க முடிஞ்சா அணைச்சிருங்க, இல்லன்னா வாக்குவாதம் செத்துப்போகும், யாரோ ஒருத்தர் படக்குன்னு அழுத்திருவாரு. எழுதினவர் இருக்கிற டீம் என்ன செய்யும்? அவர் மூஞ்சில காட்டிக்காம தப்பான ஆளக் கைகாட்டலாம், ஆனா போன் அவர் கைல இருக்கக் கூடாது.

ஸ்டெப் 4: அன்னிக்கு

லேப்டாப்ப ப்ரொஜெக்டர்ல மாட்டினதும் `Win + P` அழுத்தி `Extend` வைங்க. `Duplicate`ல விட்டா நீங்க திறக்குற விடைப் பட்டியலும் சுவத்துல பெருசா வரும், எனக்கு வந்துச்சு, மூணு வரி வீணாப்போச்சு. நோட்டிஃபிகேஷன அணைங்க. லைட் எரியுற ரூம்ல கருப்புப் பின்னணி வெளிறிப்போகும், வெள்ளைல கருப்பு எழுத்து வைங்க, கடைசி நாற்காலில உக்காந்து நீங்களே ஒரு தடவ படிச்சுப் பாருங்க.

ஒரு வரிக்கு ஒன்றரை நிமிஷம்: சத்தமா படிக்கவும் வாக்குவாதத்துக்கும் நாப்பது செகண்ட், விடை காட்டினதும் எழுதினவர் எழுந்து கதையச் சொல்ல அம்பது. இருபது வரிக்கு முப்பது நிமிஷம், அத ஒரே மூச்சுல ஓட்டாதீங்க, பத்து பத்தா பிரிச்சு இடைவேளைக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. நேரம் போதலன்னு அஞ்சு பேர் வரிய மட்டும் தூக்கிறாதீங்க, எழுதிக் குடுத்துட்டு தன்னோடது வராம உக்காந்திருக்கிறவங்க மூஞ்சியப் பாக்க முடியாது. கதைய வேணா சுருக்கலாம்.

பின்னாடி சேத்தது: இதப் படிச்சிட்டு நடத்தின ஒருத்தங்க, புதுசா சேந்த மூணு பேர யாருக்கும் தெரியல, அவங்க வரி வந்தா குத்துமதிப்பா அழுத்துறாங்கன்னு சொன்னாங்க. நியாயமான பிரச்சினை. புதுசா வந்தவங்க வரிகள ரெண்டாவது சுத்துல வைங்க, அதுக்குள்ள டீம்ல கொஞ்சம் பேசிப் பழகியிருப்பாங்க. ஆப்ஷன்லயும் ஒரு புது ஆள் மூணு பழைய ஆள்னு வைக்காதீங்க, மத்த மூணு பேரையும் தெரிஞ்சதால தெரியாத பேர அழுத்திட்டுப் போயிருவாங்க. புது ஆளுங்க வரி ஒவ்வொண்ணுக்கும் அந்த மூணு பேரயும் ஆப்ஷன்ல போட்டு நாலாவதா மட்டும் ஒரு பழைய ஆளச் சேருங்க.