கண்ணாடிக் கம்பிக்குள் எழுதியிருக்கும் 52 □ 18 140: புது பிரேம் எடுக்கும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது?

நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கத்தைப் பாருங்கள். மாடல் எண், நிறத்துக்கான குறியீடு எல்லாம் இருக்கும். அவற்றோடு 52 □ 18 140 என்பதுபோல மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். சில பிரேம்களில் கட்டத்துக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டிருப்பார்கள். சிலவற்றில் இந்த எண்கள் மூக்குப் பாலத்தின் உள்பக்கம் இருக்கும். எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால், போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் எளிது.

மூன்றுமே மில்லிமீட்டர் கணக்கு. 52 என்பது ஒரு லென்ஸின் அகலம். லென்ஸைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தால் அதன் அகலம் எவ்வளவோ, அதுதான் இந்த எண். நடுவில் இருக்கும் சின்னக் கட்டம் அப்படி அளந்ததற்கான அடையாளம். 18 என்பது இரண்டு லென்ஸ்களுக்கும் இடையில், மூக்கின்மேல் வரும் மிகக் குறுகிய இடைவெளி. 140 என்பது கீலிலிருந்து காதுக்குப் பின்னால் வளைந்து முடியும் நுனி வரை கம்பியின் முழு நீளம், வளைவையும் சேர்த்து.

முதல் வேலை: பழைய கண்ணாடியின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

இப்போதைய கண்ணாடி வசதியாக இருக்கிறதென்றால் அதுவே நல்ல அளவுகோல். லென்ஸ் அகலத்திலும் பால அளவிலும் இரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. வசதியாக இல்லையென்றால் எங்கே தொந்தரவு என்று பாருங்கள். பிளாஸ்டிக் பிரேம் மூக்கிலிருந்து வழுக்கி இறங்குகிறதா? பாலம் உங்கள் மூக்குக்கு அகலமாக இருக்கலாம், எனவே 18-க்குப் பதில் 16 போட்டுப் பாருங்கள். மூக்கின் இரு பக்கமும் அழுத்தித் தடம் பதிகிறதா? அப்போது எண்ணைக் கூட்டுங்கள். உலோக பிரேமில் மூக்குப் பட்டைகளை வளைத்துச் சரிசெய்துகொள்ள முடியும் என்பதால், அதில் இந்த எண்ணைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

கம்பி நீளம் இருப்பதிலேயே சுலபமான விஷயம். 135, 140, 145 என்றுதான் பெரும்பாலும் வரும். வளைவு காதின் மேல்பகுதியைத் தாண்டியதும் தொடங்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் கடைக்காரர் சூடுபடுத்தி வளைவை நகர்த்திக் கொடுத்துவிடுவார். இந்த எண்ணுக்காகப் பிடித்த பிரேமை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வேலை: முதல் இரண்டு எண்களையும் கூட்டுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். 52-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 70. ஒரு லென்ஸின் நடுப்புள்ளியிலிருந்து மற்றதன் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் அது. இதை உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தூரத்தைக் கடைகளில் 'பி.டி.' என்பார்கள். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு அது 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கடையில் அளந்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆன்லைனில் எடுக்கும்போது தேவைப்படும்.

ஏன் ஒப்பிட வேண்டும்? லென்ஸில் பார்வை மையம் என்று ஒரு புள்ளி உண்டு. அது உங்கள் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டும். பிரேமின் நடுத்தூரம் 70, உங்கள் பி.டி. 60 என்றால், அந்த மையத்தை ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கமாக நகர்த்தித்தான் லென்ஸை வெட்ட வேண்டும். அப்படி நகர்த்தினால் மையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் தூரமாகிவிடும். மைனஸ் பவர் லென்ஸ் மையத்தில் மெல்லிசு, ஓரத்துக்குப் போகப் போகத் தடிமன். தூரம் கூடினால் அந்த ஓரம் தடித்துவிடும். பிளஸ் பவரில் இது தலைகீழ்: ஓரம் வரை எட்டும் பெரிய லென்ஸுக்கு நடுப்பகுதியே தடிமனாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைனஸ் 5 பவர், பி.டி. 60, சாதாரண 1.5 வகை லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்பட்டு எடுப்பது 54 □ 16. கூட்டினால் 70, நகர்த்த வேண்டியது 5. லென்ஸில் பாதி 27, அதோடு 5 சேர்த்தால், மையத்திலிருந்து வெளி ஓரம் 32 மில்லிமீட்டர். இன்னொரு பிரேம் 46 □ 20. கூட்டினால் 66, நகர்த்த வேண்டியது 3. பாதி 23, அதோடு 3 என்றால் 26 மில்லிமீட்டர்.

லென்ஸ் நடுவில் 2 மில்லிமீட்டர் இருந்தால், தோராயமான கணக்கில், பெரிய பிரேமின் வெளி ஓரம் 7 மில்லிமீட்டரைத் தாண்டும். சிறியதில் சுமார் ஐந்தரைதான். கடையில் வெற்று லென்ஸோடு போட்டுப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. பவர் போட்டு வந்தபிறகுதான், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தடித்த ஓரம் கண்ணில் படும். விலையுயர்ந்த மெல்லிய லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், பிரேமின் அகலத்தைக் குறைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

என் வழக்கம் இதுதான்: கூட்டுத்தொகையிலிருந்து பி.டி.யைக் கழித்து வருவது 6-க்குள் இருந்தால் தயங்காமல் எடுப்பேன். மைனஸ் 4-க்கு மேல் பவர் உள்ளவர் பத்தை நெருங்கும் பிரேமை ஒதுக்கிவிடலாம். மைனஸ் 1, 2 உள்ளவர்களுக்கு இதில் பெரிய கவலையில்லை.

எண்கள் சொல்லாத ஒன்று

பிரேமின் முழு அகலம் பெரும்பாலும் கம்பியில் எழுதியிருக்காது. 52 □ 18 என்றால் இரண்டு லென்ஸும் பாலமும் சேர்த்து 122. ஆனால் விளிம்பின் தடிமனும், கீல் இருக்கும் ஓரத்துண்டும் சேர்ந்து பத்து பதினைந்து மில்லிமீட்டர் கூட்டிவிடும். அது எவ்வளவு என்பது டிசைனுக்கு டிசைன் மாறும். அதனால் ஒரே எண் கொண்ட இரண்டு பிரேம்களில் ஒன்று கன்னப்பொட்டில் அழுத்தும், மற்றது தளர்ந்து நிற்கும். ஆன்லைனில் வாங்கினால், முன்பக்க முழு அகலம் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பழைய கண்ணாடியை முன்புறமிருந்து ஸ்கேலால் அளந்து ஒப்பிடுங்கள். லென்ஸின் உயரமும் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் போடுபவர்கள் அதைத் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். உயரம் குறைந்தால், படிக்கும் பவர் உள்ள கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

எண்கள் அழிந்துபோயிருந்தால்

பழைய பிரேமில் வியர்வை பட்டு எழுத்து மறைந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்கேல் போதும். இடது லென்ஸின் இடது ஓரத்திலிருந்து வலது லென்ஸின் இடது ஓரம் வரை அளங்கள். அதுவே லென்ஸும் பாலமும் சேர்ந்த கூட்டுத்தொகை, கூட்டல் போடக்கூட வேண்டாம். ஒரே லென்ஸை மட்டும் அளந்தால் கொஞ்சம் குறைவாக வரும், ஏனென்றால் லென்ஸின் ஓரம் விளிம்பின் பள்ளத்துக்குள் மறைந்திருக்கிறது. ஓரத்திலிருந்து அதே பக்க ஓரம் வரை அளக்கும்போது அந்தக் குறை தானாக அடிபட்டுப் போகும்.