புதுமைப்பித்தன் நடையில் கதை எழுதிவிட்டு, குறிப்பில் சறுக்குவது

பாடத்தில் படித்த எழுத்தாளரின் நடையில் கதை எழுதி, கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் தரச் சொன்னால், நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் புதுமைப்பித்தனைத்தான் எடுக்கிறார்கள். கதை நன்றாகவே வந்துவிடுகிறது. குறிப்புதான் சறுக்குகிறது. பாதிப் பக்கம் 1906இல் பிறந்தார், 1948இல் மறைந்தார் என்று போய்விடும், மீதியில் தன் கதையின் சுருக்கம். இரண்டும் வேண்டாம். கதையைத்தான் படித்தாயிற்றே.

அடுத்த தவறுதான் பெரியது. பாளையங்கோட்டை மாணவி ஒருவர் முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். குறிப்பில், “புதுமைப்பித்தனின் எள்ளல் நடையைப் பின்பற்றியுள்ளேன்” என்று ஒரு வரி. எந்த எள்ளல், கதையில் எந்த இடத்தில், எதற்காக? ஒன்றும் தெரியவில்லை. பெயரை மாற்றி வேறு எழுத்தாளரைப் போட்டாலும் அந்த வரி அப்படியே பொருந்தும். உங்கள் வரிகளையும் இப்படிப் பெயரை மூடிப் பாருங்கள்.

அந்த மாணவியையே புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறுகதையைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அதில் கதைசொல்லி முதல் வரியிலேயே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். ஆனால் அடிபட்டுக் கிடக்கும் கணவனின் பால் கஞ்சிக்குக் காசில்லாத அம்மாளு, அதற்காக வேறொருவனோடு இருட்டுச் சந்துக்குள் போவதை நீட்டி முழக்குவதில்லை, சட்டென்று கடந்துவிடுகிறார். அதன் பிறகுதான் வாசகர் பக்கம் திரும்பி அந்தக் கடைசிச் சாட்டையைச் சொடுக்குகிறார். நடுவில் அடக்கிக்கொண்டதால்தான் கடைசி அடி அப்படி விழுகிறது.

மாணவி திருத்திக் கொண்டுவந்த குறிப்பு இது: “கடைக்காரர் பீடிக் கட்டைக் கழித்துப் போடும் இடத்தில் முதலில் ‘பார்த்தீர்களா ஐயா?’ என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கதைசொல்லி பேசினால் வாசகரின் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும், முடிவுக்கு ஒன்றும் மிஞ்சாது.” இதுதான் குறிப்பு. எழுதியதோடு நீக்கியதையும் காரணத்தோடு சொல்கிறது. இதற்கு முதல் வரைவைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. ‘ஏல’, ‘ஏட்டி’, ‘அவுக’ என்று உரையாடலில் போட்டுவிட்டு, அதைப் புதுமைப்பித்தன் நடை என்று குறிப்பில் எழுதுவது. அவர் பல கதைகளில் நெல்லைப் பேச்சைப் பாத்திரங்களின் வாயில் வைத்தது உண்மைதான். ஆனால் ‘பொன்னகர’த்தைப் பார்த்து எழுதிய கதையில் அந்தப் பேச்சு அங்கிருந்து வந்ததல்ல, உங்கள் வீட்டிலிருந்து வந்தது. அப்படியே எழுதுங்கள். எங்கே அவரை விட்டு விலகினீர்கள் என்று சொல்வதற்கும் குறிப்பில் இடம் வேண்டும். அந்த மாணவி அதற்கு இரண்டு வரி ஒதுக்கினார்: பீடி சுற்றும் பெண் என் பாட்டி மாதிரியே பேசுகிறாள், அவள் பேசும் இடங்களில் கதைசொல்லியின் கிண்டலை வேண்டுமென்றே நிறுத்திவிட்டேன் என்று.