கொப்பெல்லாம் கத்தரிப்பூ கலர்: போட்டோவில் ஊதா விளிம்பை எடுப்பது எப்படி?

தை மாசக் கடைசியில் கூந்தன்குளம் போயிருந்தேன். அங்கே பறவைகள் குளத்தில் மட்டும் இருக்காது, ஊருக்குள்ளே வீட்டுவாசல் மரத்திலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், அதனால் பெரிய டெலி லென்ஸ் இல்லாமலே போய்விட்டேன். கையில் இருந்தது நம்மில் பாதிப் பேர் முதலில் வாங்குகிற 50 எம்.எம். லென்ஸ்தான். விடிந்தும் விடியாத நேரம், தெருவோரத்து வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நிற்க, பின்னால் வானம் வெள்ளை வெளேர் என்று கிடக்க, f/1.8 வைத்துத் தட்டிவிட்டேன். பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் பிரிண்டுக்குக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன தம்பி, கொப்பெல்லாம் கத்தரிப்பூ கலர்ல இருக்கு?”

கேமரா ஸ்கிரீனில் அது தெரியவே இல்லை. அண்ணாச்சி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு சுள்ளிக்கும் யாரோ ஊதா ஸ்கெட்ச் பேனாவால் ஓரம் கட்டியது போல இருந்தது. அந்த ஒரு படத்தையே வைத்து, லைட்ரூம் கிளாசிக்கில் இதை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் வந்திருப்பது எந்தக் கோளாறு என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு கோளாறு உண்டு, மருந்தும் வேறு வேறு. கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைப்பதில்லை என்பதுதான் இரண்டுக்கும் வேர். ஒரு வகையில் சிவப்புப் பிம்பமும் நீலப் பிம்பமும் அளவில் கொஞ்சம் கூடக்குறைய விழும், அதனால் படத்தின் நட்டநடுவில் ஒன்றும் இருக்காது, மூலைக்குப் போகப் போக விளிம்பு பிரியும். கொப்பின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை என்று எதிர் எதிராக வந்தால் அது இந்த வகை. இன்னொன்றில் ஒவ்வொரு நிறமும் முன்னே பின்னே வேறு தூரத்தில் ஃபோகஸ் ஆகும். அப்போது படத்தின் நடுவிலும் வரும், கொப்பின் இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும், பெரும்பாலும் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பதில் ஊதா, பின்னால் இருப்பதில் பச்சை. என் படத்தில் நாரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கொப்பில் ஊதா, பின்னால் இருந்த சுள்ளிகளில் மங்கலாகப் பச்சை. ஆக, இரண்டாவது வகை. மூலையில் மட்டும் முதல் வகையும் கொஞ்சம் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முழுப்படமாகப் பார்த்துக்கொண்டு சரி செய்யப் போனால் இருட்டில் ஊசி கோர்த்த கதைதான்.

இனி வேலை. Develop பகுதியில் Lens Corrections என்ற பேனலைத் திறந்து, Profile டேபில் Remove Chromatic Aberration என்பதை டிக் செய்யுங்கள். மூலையில் இருந்த சிவப்பும் நீலப்பச்சையும் அந்த ஒரு டிக்கில் போய்விட்டது. இது லைட்ரூம் படத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போடுகிற விஷயம், உங்கள் லென்ஸ் பெயர் லைட்ரூமின் லென்ஸ் பட்டியலில் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் இது முதல் வகைக்கு மட்டும்தான். டிக் போட்டும் ஊதா அப்படியே இருக்கிறதே என்று நிறையப் பேர் புலம்புவதைப் பார்த்திருக்கிறேன், அது இந்த டிக்கின் வேலையே இல்லை.

ஊதாவுக்குப் பக்கத்து டேபான Manual-க்குப் போக வேண்டும். அங்கே Defringe என்று இருக்கும், கூடவே ஒரு ஐ டிராப்பர். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, டிராப்பரை ஊதா விளிம்பின் மேலேயே வைத்துக் கிளிக் செய்யுங்கள். கொப்பு மேலோ வானத்து மேலோ பட்டால் அது ஏற்காது, விளிம்பில்தான் படணும். பட்டதும் Purple Amount, Purple Hue இரண்டையும் அதுவே நகர்த்திவிடும். எனக்கு Amount 20-க்கு 7 என்று வந்தது. அப்புறம் பின்னாலிருந்த சுள்ளியின் பச்சை விளிம்பில் ஒரு கிளிக், Green Amount 3. கொப்பு பழையபடி கொப்பு நிறத்துக்கு வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று முழுப்படத்தைப் பார்த்தால், நாரை பாவமாக இருந்தது. இந்த நாரைக்கு முதுகுப்பக்கம், வாலை மூடினாற்போல ரோஸ் நிற இறகு உண்டு, அதுதான் அதற்கு அழகே. அந்த இறகின் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. லைட்ரூமுக்கு அது இறகா கோளாறா என்று தெரியாது. விளிம்பில் ஊதாவுக்குப் பக்கத்து நிறம் இருந்தால் வெளுத்துவிடும், அவ்வளவுதான். கல்யாணப் படத்தில் ரோஸ் பட்டுப்புடவை ஜரிகை ஓரத்திலும் இதே கதை நடக்கும்.

இதற்கு இரண்டு காரியம் செய்தேன். Purple Hue ஸ்லைடருக்கு இரண்டு முனை உண்டு, சும்மா இருக்கும்போது 30, 70 என்று நிற்கும். வலது முனைதான் ரோஸ் பக்கம். Alt கீயை அழுத்திக்கொண்டு முனையை நகர்த்தினால், எந்த நிறம் மாட்டுகிறதோ அது படத்தில் கறுப்பாகத் தெரியும். கொப்பின் ஓரம் கறுப்பாகவே இருக்க, இறகில் கறுப்பு குறையும் வரைக்கும் வலது முனையை இடப்பக்கம் இழுத்தேன். 62-க்கு வந்தபோது இறகு பெரும்பாலும் தப்பித்தது, முழுசாக இல்லை. அதற்கு மேல் இழுத்தால் கொப்பில் ஊதா திரும்பி வந்தது.

மிச்சத்துக்கு Masking-இல் ஒரு பிரஷ் எடுத்து, ரோஸ் இறகின் மேல் மட்டும் தடவி, அந்த மாஸ்க்குக்குள் இருக்கும் Defringe ஸ்லைடரை -100-க்குக் கொண்டுபோனேன். மைனஸில் வைத்தால் ‘இந்த இடத்தைத் தொடாதே’ என்று அர்த்தம், மொத்தப் படத்துக்குப் போட்ட Defringe அங்கே மட்டும் எடுபடாது. எனக்குத் தெரிந்து தொழிலாகச் செய்கிறவர்களே பாதிப் பேர் இந்த மைனஸ் பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. பிளஸ் பக்கம் வைத்தால் தடவிய இடத்தில் கூடுதலாக எடுக்கும், ஆனால் அது ஊதா, பச்சை என்று பார்க்காமல் எல்லா நிற விளிம்பையும் எடுக்கும், ஆகவே பார்த்துத் தடவுங்கள்.

அளவு மீறிவிட்டதா என்று பார்க்க ஒரு அடையாளம் இருக்கிறது. விளிம்பில் ஊதா போன இடத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஓடினால் Amount கூடிவிட்டது, ஒன்றிரண்டு குறைத்துப் பாருங்கள். பச்சை ஸ்லைடரில் இன்னும் கவனம், வேப்பிலையின் ஓரமே வெளுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு இடம் சரியாகவில்லை. லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் ஃபோகஸ் போய்க் கிடந்த ஒரு கிளையில் ஊதா, கோடாக இல்லாமல் புகை மாதிரி பரவியிருந்தது. Defringe கூரான விளிம்பைத்தான் தேடும், புகையைப் பிடிக்காது. அங்கே பிரஷ் தடவி Saturation-ஐ -60 வைத்து அமுக்கிவிட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும்தான்.

காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு ராதெரபி இருக்கிறது. Raw டேபில் Chromatic Aberration Correction, Detail டேபில் Defringe, இதே இரண்டு வேலை.

அடுத்த வாரம் திரும்பவும் போய், அதே மரத்தடியில் f/4 வைத்து, வானம் வெந்துபோகாமல் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். முன்கொப்பில் ஊதா இருந்த இடமே தெரியவில்லை. மூலையில் சிவப்பு, நீலப்பச்சை மட்டும் அப்படியே இருந்தது, அது துவாரத்தைச் சின்னதாக்கினால் போகிற வகை இல்லை, டிக் போட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அன்றைக்கு நாரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றது, பிரிண்டுக்குப் போனது பழைய படம்தான்.